விளம்பரம் இன்று, விற்பனை என்று?

மெத்தையை யாரும் விளம்பரம் பார்த்த அன்றே ஓடிப்போய் வாங்குவதில்லை. பழைய மெத்தை பள்ளமாகிவிட்டது என்ற நினைப்பு முதலில் வரவேண்டும். வீட்டில் பேச்சு நடக்கும், சம்பளத் தேதி வரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் நாலு மெத்தையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகுதான் பில் போடுவார்கள். ஆகவே கடைக்காரர் இந்த வாரம் செய்தித்தாளுக்கும் கேபிள் டிவிக்கும் கொடுத்த பணத்தை இந்த வார விற்பனையோடு ஒப்பிட்டால் அவருக்குக் கிடைப்பது தவறான பதில். எந்த வாரத்து விற்பனையோடு ஒப்பிடுவது என்பதுதான் கேள்வி. அதற்குப் புள்ளியியலில் எளிய வழி ஒன்று இருக்கிறது. செலவு வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, விற்பனை வரிசையை ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்ப்பது. எந்த நகர்வில் இரண்டும் நன்றாகச் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவோ, அதுவே தாமதம்.

வழி எளிது. அது தரும் விடையை நம்புவது அவ்வளவு எளிதல்ல. இரண்டையும் காட்ட 12 வாரக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நானே உருவாக்கிய கணக்கு. எந்தக் கடையின் பேரேடும் அல்ல. உருவாக்கியவன் நான் என்பதால், உள்ளே வைத்த உண்மை என்ன என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வாரச் செலவு (ஆயிரம் ரூபாயில்): 10, 40, 10, 10, 50, 20, 10, 40, 10, 10, 30, 10

விற்ற மெத்தைகள்: 35, 37, 41, 49, 37, 43, 53, 41, 40, 47, 37, 41

கடைக்காரர் கண்ணால் பார்த்தால் என்ன சொல்வார்? 5-ஆம் வாரம் 50 ஆயிரம் கொட்டினார். 37 மெத்தைதான் போயிற்று. 7-ஆம் வாரம் வெறும் 10 ஆயிரம். ஆனால் 53 மெத்தை விற்றது. ‘விளம்பரம் கொடுத்த வாரமெல்லாம் வியாபாரம் டல், கொடுக்காத வாரம்தான் கல்லா நிறையுது’ என்பார். கணிப்பொறியும் அதையே சொல்கிறது. இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை −1 முதல் +1 வரையிலான ஓர் எண்ணாகச் சொல்வது ஒட்டுறவுக் கெழு. +1 என்றால் இரண்டும் கச்சிதமாகச் சேர்ந்து ஏறும், 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பு எதுவும் இல்லை, −1 என்றால் ஒன்று ஏற மற்றது இறங்கும். எக்செல்லில் செலவு B2 முதல் B13 வரையும், விற்பனை C2 முதல் C13 வரையும் இருந்தால், அதே வாரத்துக்கான கெழு −0.49. இதை மட்டும் பார்த்தால், விளம்பரம் விற்பனையைக் கெடுக்கிறது என்றே முடிவு கட்டிவிடுவோம்.

இப்போது நகர்த்துவோம். 1-ஆம் வாரச் செலவை 3-ஆம் வார விற்பனையோடும், 2-ஆம் வாரச் செலவை 4-ஆம் வார விற்பனையோடும் ஜோடி சேர்க்கிறோம். கடைசி இரண்டு வாரச் செலவுக்கு ஜோடி இல்லை, அவை கழன்றுவிடும். மிஞ்சுவது 10 ஜோடிகள்.

```
=CORREL(B2:B13,C2:C13)    தாமதம் 0
=CORREL(B2:B12,C3:C13)    தாமதம் 1 வாரம்
=CORREL(B2:B11,C4:C13)    தாமதம் 2 வாரம்
=CORREL(B2:B10,C5:C13)    தாமதம் 3 வாரம்
```

விடைகள் வரிசையாக −0.49, −0.01, +0.92, −0.67. இரண்டு வாரத் தாமதத்தில் கெழு சட்டென்று எழும்பி நிற்கிறது. 5-ஆம் வாரம் போட்ட 50 ஆயிரம் வீணாகவில்லை, 7-ஆம் வாரத்து 53 மெத்தையாகத் திரும்பி வந்தது. கடைக்காரர் பார்த்த ‘டல்’ வாரம், முந்தைய மெலிந்த வாரங்களின் விளைவு. இந்த அளவில் நகர்த்தல் முறை தன் வேலையைச் செய்துவிட்டது.

பெரும்பாலோர் இங்கே கோப்பை மூடிவிடுவார்கள். மற்ற மூன்று எண்களையும் ஒருமுறை பாருங்கள். மூன்று வாரம் கழித்து −0.67 என்றால், விளம்பரம் மூன்றாம் வாரத்தில் வாடிக்கையாளரை விரட்டுகிறதா? இல்லை. செலவு வரிசையை மறுபடி படித்தால் காரணம் தெரியும். பெரிய செலவுகள் 2, 5, 8, 11-ஆம் வாரங்களில் வருகின்றன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்ற தாளத்தில் கடைக்காரர் பணம் போட்டிருக்கிறார். அதனால் ஒரு பெரிய செலவுக்கு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அங்கே இன்னொரு பெரிய செலவு நிற்கிறது. ‘மூன்று வாரம் கழித்து’ என்பதும் ‘அதே வாரம்’ என்பதும் ஏறக்குறைய ஒரே ஒப்பீடாகிவிட்டன. செலவின் சொந்தத் தாளம், விற்பனையின் குணம்போல வேஷம் போடுகிறது.

அந்தத் தாளம் வேறொன்றையும் மறைத்திருக்கிறது. கணக்கை உருவாக்கும்போது, ஒவ்வொரு 10 ஆயிரம் ரூபாய்க்கும் அடுத்த வாரம் 2 மெத்தை, அதற்கடுத்த வாரம் 4 மெத்தை கூடுதலாகப் போவதாக வைத்தேன். மேலே ஒன்றிரண்டு மெத்தையைத் தற்செயலாகக் கூட்டிக் குறைத்தேன். ஆக, முதல் வாரத்திலும் விளைவு இருக்கிறது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒரு வாரத் தாமதத்துக்கான கெழு −0.01, அதாவது ஒன்றுமே இல்லை என்கிறது. பெரிய செலவுக்கு அடுத்த வாரம் சற்றே ஏறும் விற்பனையை, அதற்கு முந்தைய வாரம் செலவு குறைவாக இருந்ததன் விளைவு இழுத்துக் கீழே தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு தாமதத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதில் உள்ள ஓட்டை இதுதான்.

அடைக்க வழி, தாமதங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் கேட்பது. D பத்தியில் சென்ற வாரச் செலவு, E பத்தியில் அதற்கு முந்தைய வாரச் செலவு என்று எழுதிவிட்டு, இரண்டையும் கொண்டு விற்பனையை விளக்கச் சொல்லலாம்.

```
=LINEST(C4:C13,D4:E13)
```

இது பத்திகளைத் தலைகீழ் வரிசையில் தரும்: முதலில் E, பிறகு D, கடைசியில் அடிப்படை விற்பனை. கவனிக்காவிட்டால் வாரங்கள் மாறிப்போகும். நம் கணக்கில் 10 ஆயிரம் ரூபாய்க்கு முதல் வாரம் 1.3 மெத்தை, இரண்டாம் வாரம் 3.6 மெத்தை என்று வருகிறது. வைத்தது 2, 4. வெறும் 10 ஜோடிகளிலிருந்து இந்த அளவு கிட்டே வந்ததே பெரிது. தனித்தனிக் கெழுவில் காணாமல் போன முதல் வாரம் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஜோடிகளின் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. சம்பந்தமே இல்லாத இரண்டு வரிசைகளும் தற்செயலாக ஒத்துப்போகும். அந்தத் தற்செயலின் எல்லையைத் தோராயமாக அறிய, 2-ஐ ஜோடி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கலாம். 10 ஜோடி என்றால் எல்லை 0.63; 100 ஜோடி என்றால் 0.2. நம் 0.92 எல்லையைத் தாண்டி நிற்கிறது. 9 ஜோடியில் வந்த −0.67 எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. இந்த எல்லையும் ஒரே ஒரு தாமதத்தைச் சோதிப்பவருக்கானது. 20 தாமதங்களை நகர்த்திப் பார்த்தால், ஒன்றுமில்லாத இடத்திலும் சராசரியாக ஒன்று எல்லையைத் தாண்டும். அதைப் பிடித்துக்கொண்டு ‘17-ஆம் நாள் விளைவு’ என்று அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு. ஆகவே நகர்த்தும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பொருளை வாங்க மக்கள் எத்தனை நாள் யோசிப்பார்கள்? பிஸ்கட்டுக்கு இரண்டு மூன்று நாள், மெத்தைக்குச் சில வாரம், வீட்டுமனைக்குச் சில மாதம். தேடல் அந்த எல்லைக்குள் இருக்கட்டும்.

அடுத்த ஆபத்து பெரியது. செலவும் விற்பனையும் காலத்தோடு சேர்ந்து வளர்ந்தால், எவ்வளவு நகர்த்தினாலும் கெழு உயரமாகவே இருக்கும். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் உட்னி யூல் 1926-இல் இதைச் சிரிக்கும்படி எடுத்துக்காட்டினார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் நடந்த திருமணங்களில் ஆங்கிலிகன் தேவாலயத்தில் நடந்தவற்றின் பங்கும், நாட்டின் இறப்பு விகிதமும் 0.95 கெழுவோடு ஒத்துப்போயின. தேவாலயத்தில் கல்யாணம் செய்தால் சாவு கூடும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த 45 ஆண்டுகளில் இரண்டுமே குறைந்துகொண்டு வந்தன, அவ்வளவுதான் சங்கதி.

நம் ஊரில் இந்த வேலையைப் பண்டிகைகள் செய்கின்றன. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஜவுளிக் கடைகள் விளம்பரத்தைக் கொட்டுகின்றன. அதே வாரங்களில் ஊரே துணி எடுக்கவும் கிளம்புகிறது. விளம்பரமே இல்லாவிட்டாலும் தீபாவளிக்கு முந்தைய வாரம் கூட்டம் இருக்கும். கெழு அந்தக் கூட்டத்தையும் விளம்பரத்தின் கணக்கிலேயே எழுதிவிடும். இதற்கு மருந்து, அளவுகளுக்குப் பதிலாக மாற்றங்களை ஒப்பிடுவது. இந்த வார விற்பனையிலிருந்து சென்ற ஆண்டின் இதே வார விற்பனையைக் கழித்து, செலவிலும் அதையே செய்து, அந்த வித்தியாசங்களை நகர்த்திப் பார்க்க வேண்டும். ‘இதே வாரம்’ என்பதிலும் கவனம் தேவை. தீபாவளி ஓர் ஆண்டு அக்டோபரிலும் இன்னோர் ஆண்டு நவம்பரிலும் வரும். காலண்டர் தேதியை விட்டுவிட்டு, தீபாவளிக்கு எத்தனை வாரம் முன் என்று எண்ணி ஜோடி சேர்க்க வேண்டும். தினசரிக் கணக்கில் இதே சிக்கல் வாரத்துக்கு ஒருமுறை வரும். ஞாயிறுதோறும் விளம்பரமும் ஞாயிறுதோறும் கூட்டமும் இருந்தால் 7, 14, 21-ஆம் நாள்களில் கெழு எழும்பி நிற்கும். ஒவ்வொரு கிழமையின் சராசரியை அந்தந்தக் கிழமையிலிருந்து கழித்துவிட்டு மறுபடி பாருங்கள். உண்மையான தாமதம் நிற்கும், கிழமையின் வேஷம் கலையும்.

இதுவரை செலவு முந்தி, விற்பனை பிந்தி என்றே வைத்துக்கொண்டோம். எதிர்ப்பக்கமும் நகர்த்த வேண்டும். அதாவது இந்த வாரச் செலவைச் சென்ற வார விற்பனையோடு ஒப்பிட வேண்டும். நம் மெத்தைக் கணக்கில் அந்தக் கெழு +0.54. நாளைக்குப் போடப்போகும் விளம்பரம் நேற்றைய விற்பனையைக் கூட்ட முடியாது. இங்கே அது மூன்று வாரத் தாளத்தின் இன்னொரு வேஷம். தற்செயல் எல்லைக்குள்ளும் அடங்குகிறது. ஆனால் உண்மையான கணக்கில் எதிர்ப்பக்கக் கெழு உயர்ந்து நின்றால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, விளம்பரம் ஓடிய தேதிக்குப் பதிலாக ஏஜென்சியின் பில்லைக் கட்டிய தேதி எழுதப்பட்டிருக்கிறது. பில் ஒரு மாதம் கழித்து வந்தால், செலவு விற்பனைக்குப் பின்னால் போய்விடும். மற்றது, நன்றாக விற்ற பிறகுதான் முதலாளி விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குகிறார். அப்போது விளம்பரம் விற்பனையை இழுக்கவில்லை, விற்பனைதான் விளம்பரத்தை இழுக்கிறது.

இரண்டாவதற்கு விளம்பர ஆய்வில் மிகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரில் இருக்கிறது. லிடியா பிங்கம் என்ற பெண்மணியின் பெயரில் 1875 முதல் விற்கப்பட்ட மூலிகை மருந்து, மாதவிடாய்க் கோளாறுகளுக்கானது. ஆல்கஹாலும் தாராளமாக இருந்தது. பின்னாளில் நிறுவனத்தை நடத்திய குடும்பக் கிளைகளுக்குள் சண்டை மூண்டு வழக்கு நீதிமன்றம் போனபோது, உள்வீட்டுக் கணக்குகள் வெளியே வந்தன. 1907 முதல் 1960 வரையிலான ஆண்டு விற்பனையும் விளம்பரச் செலவும் அவற்றிலிருந்து கிடைத்தன. ஏறக்குறைய ஒரே பொருள், நேரடி விற்பனைப் படை கிடையாது, வருமானத்தில் பாதிக்கு அருகில் விளம்பரத்துக்கே போயிற்று. விளம்பரத்தின் விளைவை அளக்க இதைவிடச் சுத்தமான கணக்கு கிடைப்பது அரிது என்று கருதி, கிறிஸ்டியன் பால்டா 1964-இல் இதை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். இன்றும் பொருளியல் மாணவர்கள் அந்த எண்களைத்தான் பிசைகிறார்கள்.

அவற்றில் ஒரு துண்டை அருகில் வைத்துப் பார்ப்போம். 1925-இல் விற்பனை உச்சத்தைத் தொட்டது: சுமார் 34 லட்சம் டாலர். அந்த ஆண்டு விளம்பரச் செலவு 18 லட்சம். விளம்பரத்தின் உச்சம் அந்த ஆண்டு இல்லை; அடுத்த ஆண்டான 1926-இல், சுமார் 19 லட்சம். அந்த ஆண்டு விற்பனையோ 29 லட்சத்துக்குச் சரிந்திருந்தது. 1927-இல் விளம்பரம் 12 லட்சமாக வெட்டப்பட்டது. விற்பனை 24 லட்சத்துக்கு அருகில் வந்தது. வெறும் நகர்த்தல் கணக்கு 1926, 1927 இரண்டையும் பார்த்துவிட்டு, ‘விளம்பரத்தை வெட்டினார்கள், விற்பனை விழுந்தது’ என்று சொல்லும். உண்மையில் வெட்டுவதற்கு முன்பே விற்பனை விழத் தொடங்கிவிட்டது. விற்பனை ஏறியதைப் பார்த்துப் பணம் ஒதுக்கினார்கள், விழுந்ததைப் பார்த்துக் குறைத்தார்கள். அதே காலத்தில் மருந்து விளம்பரங்களில் எதைச் சொல்லலாம் என்பதில் அரசின் கெடுபிடி வந்து விளம்பர வாசகமும் மாறியது. இத்தனையும் ஒரே கெழுவுக்குள் கலந்து கிடக்கின்றன.

பிங்கம் கணக்கு இன்னொரு பாடமும் தந்தது. ஆண்டுக் கணக்கை வைத்துக் கணக்கிட்டவர்களுக்கு விளம்பரத்தின் விளைவு பல ஆண்டுகள் நீடிப்பதாகத் தெரிந்தது. 1976-இல் டாரல் கிளார்க் இதுபோன்ற பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். கணக்கின் இடைவெளி பெரிதாக இருந்தால், விளைவின் ஆயுளும் நீளமாக வந்தது. மாதக் கணக்கில் பார்த்தபோது, அடிக்கடி வாங்கும் மலிவான பொருள்களுக்கு விளைவின் 90 சதவீதம் 3 முதல் 9 மாதத்துக்குள் முடிந்துவிட்டது. காரணம் புரிவது கடினமல்ல. டிசம்பரில் ஓடிய விளம்பரம் ஜனவரியில் விற்றுக்கொடுத்தால், ஆண்டுப் பேரேட்டில் அது ‘அடுத்த ஆண்டின் விளைவு’ ஆகிவிடுகிறது. ஆகவே விளைவு வாரங்களில் நடக்கும் என்று நினைத்தால் வாரக் கணக்கையே எடுக்க வேண்டும். மாதக் கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு வாரத் தாமதத்தைத் தேட முடியாது.

தாளம், பண்டிகை, எதிர்த்திசை என்ற மூன்று வேஷங்களையும் ஒரே அடியில் கலைக்க ஒரு வழி இருக்கிறது: எந்த வாரம் விளம்பரம் என்பதை முதலாளியின் மனநிலையோ காலண்டரோ தீர்மானிக்கக் கூடாது, காசைச் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். பூ விழுந்தால் பெரிய செலவு, தலை விழுந்தால் சிறிய செலவு. இப்படி 20, 30 வாரம் ஓட்டினால் செலவுக்கு நிலையான தாளம் இருக்காது, சென்ற வார விற்பனைக்கும் அது கட்டுப்படாது. பல ஊர்களில் கிளை வைத்திருப்பவர்கள் சில ஊர்களில் மட்டும் விளம்பரத்தை நிறுத்தி, மற்ற ஊர்களோடு ஒப்பிடலாம். இபே நிறுவனம் 2012-இல் யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் தன் பெயருக்கே கொடுத்துவந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. விளம்பரத்தின் வழியே வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர் இலவசத் தேடல் முடிவின் வழியாகவே வந்து சேர்ந்தார்கள். அதுவரை விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் வாங்கினார்கள் என்பது உண்மை. விளம்பரத்தால் வாங்கினார்கள் என்பது உண்மையல்ல. வரிசைகளை எத்தனை நாள் நகர்த்தியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

நகர்த்தல் முறை சொல்லக்கூடியது, விளைவு இருந்தால் அது எப்போது வருகிறது என்பதை. விளைவு இருக்கிறதா என்பதை அது தனியாக நிரூபிக்காது. அந்த அளவுக்காவது அதை நம்ப வேண்டுமானால், இன்றே செய்ய வேண்டியவை இரண்டு. விளம்பரம் ஓடிய தேதியை எழுதுங்கள், பில் கட்டிய தேதியை அல்ல. விற்பனைக்கு வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்த தேதியை எழுதுங்கள், மெத்தை வீடு போய்ச் சேர்ந்த தேதியை அல்ல. இந்த இரண்டு பத்திகளும் தவறாக இருந்தால், மேலே சொன்ன கணக்கு எதுவும் உதவாது.